பாம்புக்கடி கேஸ்: இமையும் கண்ணாடிக் குழாயும்

"சிஸ்டர், தாலுகா ஆஸ்பத்திரியில் புதிதாக நைட் டியூட்டி போட்டிருக்கிறார்கள். பாம்புக்கடி என்று வந்தால் நரம்பு விஷமா, ரத்த விஷமா என்று நர்ஸ் எப்படித் தெரிந்துகொள்வது? எந்தப் பாம்பு என்று யாருக்குமே தெரிவதில்லை. பாதிப் பேர் கயிறு கட்டி, பிளேடால் கீறி, பச்சிலை அரைத்துப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அதையெல்லாம் என்ன செய்வது?"

எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டால் பரவாயில்லை, முதலில் அந்தக் கவலையை விடுங்கள். நம் ஊரில் இருக்கும் விஷமுறிவு மருந்தான ஏ.எஸ்.வி. ஒன்றேதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் அதே குப்பி. (அதற்கான விஷத்தில் பெரும்பங்கு, 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் எடுத்துக் கொடுப்பது.) பாம்பு தெரிந்தால் அடுத்து எதை எதிர்பார்க்கலாம் என்று ஒரு யோசனை கிடைக்கும், அவ்வளவுதான் பயன். அதிலும் சொந்தக்காரர்கள் "விரியன்தாங்க கடிச்சுது" என்று சொல்வதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு ரத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் ரத்தத்தைக் கெடுப்பவை, கட்டுவிரியனோ சுத்தமான நரம்பு விஷம். மூன்றையும் ஜனங்கள் விரியன் என்றே சொல்வார்கள். அடித்த பாம்பைப் பையில் போட்டுக் கொண்டுவந்தால் கையால் தொடவும் வேண்டாம், தலை துண்டான பாம்பும் கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கும்.

அதனால் யார் வந்தாலும், எந்தப் பாம்பு என்று சொன்னாலும், இரண்டையும் பாருங்கள். கண் இமையைப் பாருங்கள், ரத்தம் உறைகிறதா என்று பாருங்கள். முதல் முறை சரியாக இருந்தால் அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். கடிபட்டவருக்கு வந்தவுடன் ஒன்றும் இல்லாமல் இருந்து நாலைந்து மணி நேரம் கழித்துத் தொடங்குவது சாதாரணமாக நடக்கும். டாக்டர் ஒரு தடவை பார்த்துவிட்டு வார்டுக்குப் போய்விடுவார், அரை மணிக்கொரு தரம் பக்கத்தில் நிற்கப் போவது நீங்கள்தான், அதனால் மாற்றத்தை முதலில் பார்ப்பதும் நீங்களாகத்தான் இருக்கும்.

நரம்பு விஷத்தை ஒரு கேஸை வைத்தே சொல்கிறேன். கட்டுவிரியன்தான் நம்மை அதிகம் ஏமாற்றும். முப்பது வயதுக்காரர், மழைக்காலம், தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவர். விடியற்காலை நாலு மணிக்கு வயிற்றைப் பிசைந்து வலிக்கிறது என்று எழுந்திருக்கிறார், இரண்டு தடவை வாந்தி. வீட்டில் சோடா வாங்கிக் கொடுத்தார்கள், பக்கத்து கிளினிக்கில் கேஸ் டிரபிள் என்று ஒரு ஊசி போட்டார்கள். கேஷுவாலிட்டிக்கு வந்தது 5.40க்கு. காலில் வீக்கம் இல்லை, பல் பதிந்த தடம் இல்லை, பாம்பு என்ற பேச்சே இல்லை. பிரஷர், பல்ஸ், ஆக்சிஜன் அளவு எல்லாம் சரி. ஒன்றுதான் இடித்தது: பேசும்போது தலையைப் பின்னால் சாய்த்து, நெற்றியைச் சுருக்கி, புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். இமை இறங்குகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், தூக்கக் கலக்கம் என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

அப்போது கேட்க வேண்டிய கேள்வி "எங்கே படுத்திருந்தீங்க?" என்பது. தரையில் என்றால், விடியற்காலை வயிற்றுவலியும் இருந்தால், பாம்பு என்று நினைத்தே ஆக வேண்டும். கட்டுவிரியனின் பல் சிறியது, கடி கொசு கடித்த மாதிரிகூடத் தெரியாது, தூங்குகிற ஆள் புரண்டு படுத்துவிடுவார். தடத்தைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம்.

இமையைச் சோதிக்க, அவரைத் தலையை அசைக்காமல் மேலே பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் விரலை நெற்றிக்கு மேலே பிடித்து அதையே ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். முதல் பத்து விநாடி நன்றாகத்தான் இருக்கும், அப்புறம் இமை மெதுவாக இறங்கிக் கருவிழியை மூடத் தொடங்கும். எவ்வளவு மூடியிருக்கிறது என்று மணியோடு எழுதுங்கள். அடுத்து, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள். தெம்பான ஆள் முப்பதைத் தாண்டுவார். இதில் ஒரு சின்ன விஷயம்: முதல் தடவை தமிழில் எண்ணியிருந்தால் கடைசிவரை தமிழில்தான் எண்ண வைக்க வேண்டும், அதே வேகத்தில். "பதினேழு, பதினெட்டு" என்று சொல்ல ஆகும் மூச்சும் இங்கிலீஷில் எண்ண ஆகும் மூச்சும் வேறு, டியூட்டி மாறும்போது இந்தக் குழப்பம் நடக்கிறது. இந்த ஆள் 5.45க்கு 24 வரை எண்ணினார். 6.10க்கு 15. ஆக்சிஜன் அளவு அப்போதும் 98தான். இதைத்தான் நன்றாக மனதில் வைக்க வேண்டும், நரம்பு விஷத்தில் ஆக்சிஜன் அளவு விழுவது கடைசிக் கட்டம், அது விழட்டும் என்று காத்திருந்தால் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கைத் தேடவே நேரம் இருக்காது.

இறங்கும் வரிசை பெரும்பாலும் மேலிருந்து கீழ். இமை, பிறகு பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, பேச்சு குழறுவது, எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வடிவது, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போவது, அப்புறம் மூச்சு. எச்சில் வடியத் தொடங்கினால் வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சக்ஷன் பக்கத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். இந்த ஆளுக்கு ஏழு மணிக்கு எண்ணிக்கை 9, கழுத்து நிற்கவில்லை. அதற்குள் டாக்டர் நியோஸ்டிக்மின், அட்ரோபின் போட்டுப் பார்த்துவிட்டார், இமை ஏறவில்லை. நல்ல பாம்பு என்றால் அதில் பலருக்கு இமை ஏறும், கட்டுவிரியன் விஷம் நரம்பு முனையையே உள்ளுக்குள் சிதைப்பதால் பெரும்பாலும் ஏறாது. அதே காரணத்தால்தான் ஏ.எஸ்.வி. ஏறிய பிறகும் அவர் மோசமாகிக்கொண்டே போனார். அந்த மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தைப் பிடிக்கும், ஏற்கெனவே சிதைந்த நரம்பு முனையைச் சரிசெய்யாது, அது தானாக வளர்ந்து வர நாட்கள் ஆகும். "ஏ.எஸ்.வி. வேலை செய்யவில்லை, இன்னும் பத்து குப்பி போடலாமா" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது தொண்டையில் இறக்கும் குழாயும் வென்டிலேட்டரும்தான்.

அவர் வென்டிலேட்டரில் ஐந்து நாள் இருந்தார். இந்த நிலையில் இருப்பவருக்குக் கண் திறக்காது, கைகால் அசையாது, கண் பாப்பா விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமலும் இருக்கலாம். பார்த்தால் மூளைச்சாவு மாதிரியே இருக்கும். ஆனால் அவருக்குக் காது கேட்கும், வலி தெரியும், நீங்கள் பேசுவது புரியும். கட்டில் பக்கத்தில் நின்று "இது தேறாது" என்று யாரையும் பேச விடாதீர்கள். சக்ஷன் போடும் முன், ஊசி குத்தும் முன் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கட்டைவிரல் துளி அசைகிறதா என்று பாருங்கள், அசைந்தால் ஆமாம், இல்லை என்று பதில் வாங்கிவிடலாம். கண் முழுதாக மூடாமல் இருந்தால் சொட்டு மருந்து போட்டு இமையை டேப்பால் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் நரம்பு தேறி வரும்போது கருவிழியில் புண்ணோடுதான் எழுந்திருப்பார்.

நல்ல பாம்பு கடித்தவருக்கும் இமை இறங்கும், ஆனால் கடித்த இடம் வலித்து வீங்கும், ஒன்றிரண்டு நாளில் தோல் கறுத்துப் புண்ணாகவும் செய்யும். ஆக வீக்கம் இருக்கிறதே என்று ரத்த விஷம் என்று முடிவு கட்டிவிட முடியாது. ரத்த விஷத்தைச் சொல்வது ரத்தம்தான்.

அதற்கு 20 நிமிடச் சோதனை. புதிய, காய்ந்த, சோப்பு படாத கண்ணாடிக் குழாயில் அப்போதே எடுத்த ரத்தம் 2 மில்லி, அசைக்காமல் மேஜையில் நிறுத்தி வைத்து 20 நிமிடம் கழித்து ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் தண்ணீராக ஓடினால் உறைதல் கெட்டுவிட்டது. இவ்வளவு எளிதான சோதனையைக் கெடுக்கவும் நிறைய வழி உண்டு. பிளாஸ்டிக் குழாயில் ரத்தம் சரியாக உறையாது. சோப்புப் பவுடர் போட்டுக் கழுவிய குழாயிலும் அப்படித்தான், நல்ல ரத்தமே ஓடும், அதை நம்பித் தேவையில்லாமல் ஏ.எஸ்.வி. ஏறிவிடும். பத்து நிமிடத்தில் ஆர்வத்தில் சாய்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. குழாயின் மேல் சந்தேகம் இருந்தால் கூட வந்த ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தை அதே மாதிரி இன்னொரு குழாயில் வைத்துப் பாருங்கள், அதுவும் உறையாவிட்டால் கோளாறு குழாயில். குழாயில் எடுத்த மணியைப் பிளாஸ்டரில் எழுதி ஒட்டிவிடுங்கள், கேஷுவாலிட்டி கூட்டத்தில் இருபது நிமிடத்தை மனதில் வைத்திருக்க யாராலும் முடியாது. முதல் குழாய் உறைந்தாலும் முதல் மூன்று மணி நேரத்துக்கு அரை மணிக்கொரு தரம், பிறகு மணிக்கொரு தரம் செய்யுங்கள். ஏ.எஸ்.வி. போட்ட பிறகு மட்டும் அவசரப்படக் கூடாது. விஷம் அடங்கினாலும் கல்லீரல் புதிதாக உறைபொருள் செய்து விட நேரம் எடுக்கும், அதனால் ஆறு மணி நேரம் கழித்தே மறு சோதனை.

குழாய் நிற்கும் இருபது நிமிடத்தில் வாயைத் திறக்கச் சொல்லிக் கீழ்ப்பல் ஈறு ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், ரத்தக் கசிவு அங்கேதான் முதலில் தெரியும். கடித்த இடத்திலிருந்தும், நீங்கள் வென்ஃப்ளான் போட்ட இடத்திலிருந்தும் கசிவு நிற்காமல் இருக்கிறதா? வீக்கத்தின் மேல்விளிம்பில் பேனாவால் கோடு போட்டு மணியை எழுதுங்கள், அடுத்த முறை வரும்போது கோடு எங்கே, வீக்கம் எங்கே என்று தெரிந்துவிடும். முதல் மூத்திரத்தைக் கண்ணால் பாருங்கள், காபி டிகாக்ஷன் நிறத்தில் போனால் உடனே சொல்லுங்கள். பிறகு மணிக்கு எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். கண்ணாடி விரியன் கடியில் சிறுநீரகம் ஓரிரு நாளில் கெடுவதுண்டு, 50 கிலோ ஆளுக்கு மணிக்கு 25 மில்லிக்குக் கீழே போனால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். திடீர் தலைவலி, ஒரு பக்கம் பலம் குறைவது, கூப்பிட்டால் சரியாக விழிக்காதது, இவை மூளைக்குள் ரத்தம் கசிவதாக இருக்கலாம். ரத்தம் உறையாத ஆளுக்குத் தசையில் ஊசி போடக் கூடாது, டி.டி. ஊசியும் ரத்தம் உறைந்த பிறகுதான். குத்திய இடத்தை எல்லாம் நீண்ட நேரம் அழுத்திப் பிடியுங்கள்.

இமை இறங்கியிருக்கிறது, ரத்தமும் உறையவில்லை என்றால் குழம்ப வேண்டாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்ணாடி விரியன் இரண்டையும் சேர்த்துச் செய்யும். இரண்டு சோதனையையும் எல்லோருக்கும் செய்யச் சொன்னது அதனால்தான்.

ஏ.எஸ்.வி. பற்றி உங்கள் கைவேலை மட்டும் சொல்கிறேன், எத்தனை குப்பி என்பது டாக்டர் முடிவு. பெரும்பாலும் 8 முதல் 10 குப்பியில் தொடங்குவார்கள், குழந்தைக்கும் அதே எண்ணிக்கைதான், பாம்பு குழந்தை என்று பார்த்துக் குறைவாக விஷம் விடுவதில்லை. குறைக்க வேண்டியது சலைன் அளவை மட்டும். தூள் குப்பியில் 10 மில்லி ஸ்டெரைல் வாட்டர் விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள், குலுக்கினால் நுரைத்துவிடும். டெஸ்ட் டோஸ் தோலில் போட்டுப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம், ஒவ்வாமை வருமா என்று அது சொல்லாது. ட்ரிப் தொடங்கும் முன்பே அட்ரினலின் சிரிஞ்சில் ஏற்றி ட்ரேயில் இருக்க வேண்டும், பெரியவருக்கு 1:1000 இல் அரை மில்லி. முதல் அரை மணி நேரம் கட்டிலை விட்டு நகராதீர்கள். தலையில் அரிப்பு, ஒரே ஒரு தடிப்பு, இருமல், வாந்தி, நடுக்கம், இதில் எது வந்தாலும் ட்ரிப்பை நிறுத்துங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள், அவர் சொன்னதும் அட்ரினலின் தொடையின் வெளிப்பக்கத் தசையில். ரத்தம் உறையாதவருக்கும் இது ஒன்றுக்கு விலக்கு உண்டு, மூச்சு போய்க்கொண்டிருக்கும்போது தொடையில் வரும் ரத்தக்கட்டைப் பற்றி யோசிக்கக் கூடாது. அடங்கியதும் மறுபடி மெதுவாகத் தொடங்குவார்கள். ஒவ்வாமை வந்துவிட்டதே என்று மருந்தையே விட்டுவிடுவதில்லை.

இப்போது கயிறு. அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள் என்பதுதான் முதல் விஷயம். இரண்டு மணி நேரம் இறுகக் கட்டியிருந்த காலை டக்கென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் மொத்தமாக ஏறும், கட்டுவிரியன் அல்லது நல்ல பாம்பு என்றால் சில நிமிடத்தில் மூச்சு நின்றவர்கள் உண்டு. வேறு கையில் வென்ஃப்ளான் போட்டு, ஏ.எஸ்.வி., ஆம்பு பேக், டாக்டர் மூன்றும் பக்கத்தில் வந்த பிறகு அவிழ்க்க வேண்டும். கட்டுக்குக் கீழே நாடித்துடிப்பே இல்லாத அளவுக்கு இறுக்கமாக இருந்தால் அதற்கு மேலே பிரஷர் கஃப்பைச் சுற்றி, காற்றேற்றி, கயிற்றை எடுத்துவிட்டு, கஃப்பின் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம். அதற்காகக் கட்டைக் கண்டும் காணாமல் விட்டுவிடவும் கூடாது, விரல் கறுத்து எடுக்க நேர்ந்ததில் பலவும் பாம்பால் அல்ல, துண்டை முறுக்கிக் கட்டியதால்தான். மோதிரம், கொலுசு, அரைஞாண் போல அந்தப் பக்கம் இறுக்குவதை மட்டும் உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு வராது.

கீறினால் விஷம் வெளியே வராது, அது அதற்குள் தசைக்குள் போயிருக்கும். ஆனால் ரத்தம் உறையாதவருக்கு அந்தக் கீறல் விடாமல் கசியும். வாயால் உறிஞ்சுவதும் அதே கதைதான், கூடவே புண்ணில் கிருமி. பச்சிலையை சலைனால் மெதுவாகக் கழுவி எடுங்கள், தேய்க்க வேண்டாம். மிளகையும் வேப்பிலையையும் மெல்லக் கொடுத்து, காரமும் கசப்பும் தெரிந்தால் விஷம் ஏறவில்லை என்று ஒரு மணி நேரம் வீட்டிலேயே வைத்திருப்பார்கள். கட்டுவிரியன் கடித்தவருக்கு நாக்கில் ருசி எல்லாம் நன்றாகவே தெரியும். விஷக்கல்லும் அப்படித்தான், நுண்துளை உள்ளதால் ஈரத்தில் ஒட்டும், துளை நிறைந்தால் விழும். அது விழுந்ததும் ஆள் பிழைத்துக்கொண்டதாகச் சொல்லப்படுகிறவர்களைக் கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கும், இல்லாவிட்டால் விஷம் இறக்காத வெறுங்கடியாக இருக்கும். வைத்தியருக்கு நல்ல பெயர் வருவதே இந்தக் கேஸ்களால்தான்.

இதற்காகச் சொந்தக்காரர்களைத் திட்டாதீர்கள். திட்டினால் உள்ளே என்ன கொடுத்தார்கள் என்பதை மறைத்துவிடுவார்கள், நமக்கு அது தெரிந்தாக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கும் கஷாயம் வயிற்றில் இருக்கும்போது தொண்டைத் தசை தளர்ந்தால் அது நேராக நுரையீரலுக்குப் போகும். "என்ன குடிக்கக் கொடுத்தீங்க, எத்தனை மணிக்கு?" என்று சாதாரணமாகக் கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். கிராமத்தில் யாராவது போன் பண்ணிக் கேட்டாலும் இதையே சொல்லுங்கள்: நடக்க விடாமல், கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்கு வைக்கிற மாதிரி கட்டை வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டி, 108ஐக் கூப்பிடுங்கள், வர நேரமாகும் என்றால் பைக்கில் நடுவில் உட்கார வைத்தாவது கொண்டுவாருங்கள்.

கடைசியாக, பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணும்போது. முதல் ஏ.எஸ்.வி.யைத் தொடங்காமல் வண்டியில் ஏற்ற வேண்டாம் என்று டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள், அங்கே போய்ப் போடலாம் என்று அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ரெஃபர் சீட்டில் கடித்த நேரம், கயிறு அவிழ்த்த நேரம், இமையும் மூச்செண்ணிக்கையும் மணி வாரியாக, குழாய் உறைந்ததா இல்லையா, எத்தனை குப்பி எத்தனை மணிக்கு, ஒவ்வாமை வந்ததா, கடைசியாக எப்போது எவ்வளவு மூத்திரம் போனார், இவ்வளவும் இருக்க வேண்டும். மூச்செண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறவர் என்றால் ஆம்பு பேக்கை அழுத்தத் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும், பேக் மட்டும் போனால் போதாது.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்று சொல்லி அனுப்புங்கள்: ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வந்தால் அது அந்த மருந்தின் பின்விளைவாக இருக்கலாம், விஷம் திரும்ப ஏறிவிட்டது என்று பயந்து மந்திரிக்கப் போகாமல் நம்மிடம் வரவேண்டும். அந்த முப்பது வயதுக்காரரின் மனைவியிடம் கட்டில் வாங்க முடியாவிட்டால் கொசுவலையாவது கட்டி அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுக்கச் சொன்னோம்.